வளைவில் கைரோ கப்பிள்: 17 அங்குலக் காப்சாயும் 10 அங்குல வெஸ்பாவும்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் சாலைகளில் நேராக ஓடும் தூரம் குறைவு, வளைவுகள்தான் அதிகம். மோட்டார் கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "வெஸ்பா டயர் சின்னது, வேகமா சுத்துது, அதனால கோனர்ல கைரோ அதுக்குத்தான் ஜாஸ்தி." கைரோ என்றால், சுழலும் சக்கரத்தின் அச்சைத் திருப்பும்போது எழும் முறுக்கு. அதைத்தான் கைரோ கப்பிள் என்கிறோம். கணக்குப் போட்டால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

ஒரே வளைவை எடுத்துக்கொள்வோம். ஆரம் 20 மீட்டர், வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர். ஆளோடு சேர்த்து ஈஎக்ஸ்-5 காப்சாய் 170 கிலோ, வெஸ்பா 180 கிலோ, இரண்டுக்கும் ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்தில் என்று வைக்கிறேன். சக்கர ஆரம் காப்சாய்க்கு 0.28 மீட்டர், வெஸ்பாவுக்கு 0.215 மீட்டர். ஒரு சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவு, முறையே 0.3, 0.12 கிலோகிராம் சதுர மீட்டர் என்பது ரிம், டயர் எடையை வைத்து நான் போட்ட மதிப்பீடு.

இடது பக்கம் திரும்பும்போது, சுழலும் சக்கரத்தின் அச்சையும் நாம் சேர்த்துத் திருப்புகிறோம். அதற்கு எதிர்வினையாக ஒரு கப்பிள் மோட்டாரை வலது பக்கம், அதாவது வளைவுக்கு வெளியே சாய்க்கப் பார்க்கிறது. மையவிலக்கு விசையும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்து நாம் உள்ளே சாய வேண்டும்:

```
tan θ = (v²/gR) × (1 + 2I/(r·M·h))
```

இதில் θ சாயும் கோணம், v வேகம், g ஈர்ப்பு முடுக்கம், R வளைவின் ஆரம், I ஒரு சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், r சக்கர ஆரம், M ஆளோடு சேர்த்த எடை, h ஈர்ப்பு மைய உயரம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டாவது உறுப்புதான் சக்கரங்களின் பங்கு. அதில் வேகமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கைரோ கப்பிளும் மையவிலக்குக் கப்பிளும் வேகத்தின் வர்க்கத்தோடு ஒன்றாகவே ஏறுவதால் விகிதம் மாறுவதில்லை. காப்சாய்க்கு அது சுமார் 2 சதவீதம், வெஸ்பாவுக்கு 1 சதவீதம். கைரோ இல்லாவிட்டால் 27 டிகிரி சாய வேண்டும். அதைச் சேர்த்தால் காப்சாய் 27.5, வெஸ்பா 27.2. இந்த வித்தியாசம் யார் உடம்புக்கும் தெரியாது. இன்ஜினின் சுழலும் பாகங்களை நான் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தாலும் இந்த அளவு வண்டிகளில் படம் மாறாது.

ஆனால் "வேகமாகச் சுற்றுகிறதே" என்ற கேள்வி நியாயமானதுதான். சக்கரம் சிறுத்தால் சுழற்சி ஆரத்துக்கு எதிர் விகிதத்தில் கூடுகிறது. ஆனால் திருப்புத்திறன் ஆரத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. ஆக, எடை சமமாக இருந்தாலும் பெரிய சக்கரமே ஜெயிக்கும்.

வளைவுக்குள் நுழையும் அந்த ஒரு வினாடிதான் உண்மையான போட்டி. மோட்டார் நேராக இருந்து இடது பக்கம் 27 டிகிரி சாயும்போது, சுழலும் முன்சக்கரம் தானாகவே இடது பக்கம் திரும்பப் பார்க்கும். அப்படி ஹேண்டிலைத் திருப்பும் முறுக்கு காப்சாயில் சுமார் 5 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு கையால் மட்டும் தாங்கினால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வெஸ்பாவில் ஏறக்குறைய பாதி, 2.6 நியூட்டன் மீட்டர். இது கைக்குத் தெரியும். காப்சாய் "தானா உள்ள போகுது" என்று சொல்வதிலும், வெஸ்பா லேசாக, கொஞ்சம் அலைபாய்வதுபோல் இருப்பதிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. அப்புறம், இந்த முறுக்கு வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். மணிக்கு 10 கிலோமீட்டரில் காப்சாயிலேயே 1.4 நியூட்டன் மீட்டர்தான் மிஞ்சும்.

அதற்காக எல்லாப் பெருமையையும் கைரோவுக்குக் கொடுத்துவிடவும் முடியாது. 1970-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் ஒரு சைக்கிளின் முன்பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி கைரோ விளைவை ரத்து செய்து பார்த்தார். அப்போதும் அதை ஓட்ட முடிந்தது. டயர் தரையைத் தொடும் இடம் ஹேண்டில் அச்சுக்குப் பின்னால் விழுவதும் சக்கரத்தைச் சாயும் பக்கம் திருப்புகிறது.

தோட்டத்து மண் பாதைக்கு நான் காப்சாயைத்தான் எடுப்பேன். முதல் காரணம், பெரிய சக்கரம் குழியில் விழாமல் ஏறிப் போகும். கைரோ இரண்டாவதுதான். தார் ரோட்டிலும் பசார் பக்கத்துச் சந்துகளிலும் வெஸ்பாவின் லேசான ஹேண்டில் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் ஹேண்டில் பேரிங்கை அடிக்கடி பார்க்க வேண்டும். பேரிங் இறுகினாலோ குழி விழுந்தாலோ, இருக்கிற 2.6 நியூட்டன் மீட்டரில் ஒரு பகுதியை உராய்வே தின்றுவிடும். முன்சக்கரம் தானாகத் திரும்பாது, வண்டி நேர்ரோட்டிலேயே மெல்ல இடமும் வலமும் நெளியும். காப்சாயில் முறுக்கு இரு மடங்கு இருப்பதால் அதே பழுது கொஞ்ச நாள் மறைந்திருக்கும்.

சோதிப்பது சுலபம். நடு ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திக்கொள்ள, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை நடுவில் வைத்து விரலால் லேசாகத் தட்டினால் அது தடையில்லாமல் ஒரு பக்கம் விழ வேண்டும். நடுவிலேயே 'டக்' என்று பிடித்து நின்றால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. கிரீஸ் போட்டுத் தேறாது, பேரிங் செட்டையே மாற்றச் சொல்லுங்கள்.