ஐந்து பத்தி மெயில்: சுருக்குவதா, எண் போடுவதா, ஒன்றை மட்டும் கேட்பதா?

என் அத்தான் வீட்டுக் கடனை மே 12 அன்று முழுதாக அடைத்துவிட்டார். ஜூன் கடைசி வரை அசல் பத்திரம் கைக்கு வரவில்லை. கிளை மேலாளருக்கு எழுதிய மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். முதல் பத்தியில் அந்த வங்கியோடு பதினைந்து வருடப் பழக்கம். இரண்டாவதில் தவணை தவறாமல் கட்டிய கதை. மூன்றாவதில் நான்கு முறை நேரில் போய் அலைந்தது. நான்காவதில்தான் பத்திரம் கேட்கிறார். கூடவே சிபில் பதிவைத் திருத்தச் சொல்கிறார், கூடுதலாகப் பிடித்த ஒரு தவணையையும் கேட்கிறார். ஐந்தாவதில் வருத்தமும் நன்றியும்.

முதல் வழி, ஒவ்வொரு வாக்கியமாகக் குறைப்பது. செய்து பார்த்தோம், நீளம் பாதியானது. ஆனால் பத்திரம் இன்னும் நான்காவது பத்தியிலேயே இருந்தது. போனில் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது பழைய பழக்கம்தான். அளவு குறைந்ததே தவிர வரிசை மாறவில்லை.

இரண்டாவது, மூன்று கோரிக்கைகளையும் 1, 2, 3 என்று எண் போட்டு எழுதுவது. படிக்கச் சுலபம். சிக்கல் பதிலில்தான் வரும். மூன்றில் எது எளிதோ அதற்கு மட்டும், "சிபில் விவரம் விரைவில் புதுப்பிக்கப்படும்" என்று ஒரு வரி வந்தால், மெயிலுக்குப் பதில் சொல்லியாயிற்று என்று ஆகிவிடும். பத்திரம் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, எது கிடைக்காவிட்டால் தூக்கம் வராதோ அதை மட்டும் கேட்பது. நான் இதையே தேர்ந்தெடுத்தேன்:

"பொருள்: அசல் பத்திரம் வாங்க எந்தத் தேதியில் வரலாம்?

வணக்கம். என் வீட்டுக் கடன் மே 12 அன்று முழுதும் அடைபட்டது. கடன் முடிவுச் சான்று இணைப்பில் உள்ளது. ரிசர்வ் வங்கி விதித்த 30 நாள் ஜூன் 11 அன்று முடிந்துவிட்டது. பத்திரத்தை வாங்க எந்தத் தேதியில் வரலாம் என்று இந்த வெள்ளிக்குள் தெரிவிக்கவும்."

"பத்திரத்தைத் தாருங்கள்" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரலாம். தேதி கேட்டால் தேதிதான் சொல்லியாக வேண்டும். அந்த 30 நாள் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்றும் அதில் உண்டு. அதை வேண்டுமென்றேதான் விட்டேன். பணம் பற்றிய பேச்சு வந்தால் அது இரண்டாவது கோரிக்கையாகி, பதிலும் சட்டப் பிரிவைச் சுற்றிவிட்டு வரும். சிபிலும் தவணையும் பத்திரம் கைக்கு வந்தபின் தனித்தனி மெயிலில் போகட்டும்.

பழைய மெயிலை அழிக்க வேண்டாம் என்றேன். 30 நாளில் பதிலே வராமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக நேர்ந்தால், அந்த மூன்றாவது பத்தி தேவைப்படும். நான்கு முறை போன தேதிகளும் யாரைப் பார்த்தார் என்பதும் அதில் மட்டும்தான் இருக்கின்றன.