1.25 லீற்றரா, 2 லீற்றரா, சாய்க்கும் கிரைண்டரா?

உவர்மலையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். கிரைண்டர் தேடியபோது கடைசியில் மூன்று வகை மிஞ்சின. ஒன்று 1.25 லீற்றர், 85 வாட். அடுத்தது 2 லீற்றர், 150 வாட். மூன்றாவதும் 2 லீற்றர், 150 வாட்தான். ஆனால் பாத்திரத்தைச் சாய்த்து மாவை ஊற்றலாம். மூன்றிலும் கருங்கல்.

லீற்றர் கணக்கை நம்பி மா கரைக்கக் கூடாது. அது பாத்திரம் விளிம்புவரை கொள்ளும் அளவு. அதற்குள் கற்களும் இருக்க வேண்டும், உழுந்தும் பொங்க வேண்டும். 200 கிராம் உழுந்தை ஊறவைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அரைத்தால் காற்றேறி ஏறக்குறைய ஒரு லீற்றர் மா வரும். மச்சாள் தன் சின்னக் கிரைண்டரில் அந்த அளவைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றார். திரும்பிப் பார்க்கும்போது வெள்ளை நுரை மூடியைத் தொட்டு, நடுத்தண்டின் வாய்வரை ஏறியிருந்தது. அதற்கு மேல் ஏறினால் மா தண்டு வழியே மோட்டாருக்குள் இறங்கும். அன்றிலிருந்து அவர் உழுந்தை இரண்டு தடவையாக அரைக்கிறார். 2 லீற்றரில் அதே 200 கிராம் தாராளமாக அரைபடும். பிறகு 600 கிராம் அரிசியும் ஒரே தடவையில் முடிந்துவிடும். இருவர் மட்டுமுள்ள வீட்டுக்குச் சின்னதே போதும்.

85, 150 என்று பார்த்துவிட்டு, 750 வாட் மிக்ஸிக்கு முன் இது எம்மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். மிக்ஸியின் கத்தி வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கும். கல் மெதுவாக நசுக்குவதால் மா குளிர்ச்சியாகவே இருக்கும். திருகோணமலை வெக்கையில் சூடேறிய மா விடியுமுன் புளித்து வழிந்துவிடும் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம். பொங்கியது போதுமா என்று அறிய ஒரு துளி மாவைத் தண்ணீரில் விடுங்கள், மிதந்தால் சரி.

புதுக்கல் முதலில் சாம்பல் நிறத்தில் பொடி விடும். ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்ட வேண்டும். மா வெள்ளையாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கழுவும்போதுதான் இரண்டு 2 லீற்றர் வகைகளும் பிரிகின்றன. சாய்க்கும் வகையில் மாவை வழிக்கக் கை வலிக்காது. ஆனால் நான் பார்த்ததில் பாத்திரம் கழலாது. இருந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, சாய்த்துக் கொட்ட வேண்டும். தண்டைச் சுற்றி ஒட்டும் மா காய்ந்தால் மறுநாள் நாறும். கழலும் வகையில் கற்களையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கே போய்விடலாம். கல்லோடு பாத்திரம் பாரம்தான். ஆகவே கற்களை முதலில் எடுத்துவிட வேண்டும். நான் வாங்கியது கழலும் 2 லீற்றர். முதுகுவலி உள்ள என் அம்மாவுக்கு என்றால் சாய்க்கும் வகையைத்தான் எடுத்திருப்பேன்.