ஒரே போட்டோவில் 31 கிளிஞ்சல்: வடிவமா, சுருளா, வாயா?

மயிலாடுதுறையில் இருக்கும் என் அக்கா மகள் போன மாதம் தரங்கம்பாடி போய் வந்தாள். டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்து மணலில் பொறுக்கியதை எல்லாம் வீட்டுத் தரையில் தினசரி ஒன்றை விரித்துப் பரப்பி, மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டாள். "இதுல நத்தை எது, மட்டி எது, ரெண்டும் இல்லாதது எது, சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு சவாலும் விட்டாள். எண்ணினால் 31. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கிளிஞ்சல் என்று ஒரே பெயர்தான், அதனால் இப்படிப் பிரிக்கச் சொன்னதும் எல்லாரும் கொஞ்சம் திணறினார்கள்.

மாமா ஒரு வழியில் பிரித்தார், அவள் ஒரு வழியில், நான் ஒரு வழியில். பொருட்கள் கையில் வந்த பிறகு மூன்று பேர் விடையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். சரியான கணக்கு: நத்தை இனம் 12, மட்டி இனம் 14, மற்றவை 5.

மாமாவின் வழி வெளிக்கோட்டு வடிவம். உருண்டையும் விசிறியும் மட்டி, நீண்டு கூர்மையானது நத்தை, எதிலும் சேராதது மற்றவை. பார்த்தவுடன் சொல்லிவிடலாம், அவரும் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். 11 தப்பு. இந்த மணலில் நிறையக் கிடைக்கும் ஒரு நத்தை உண்டு, சட்டைப் பொத்தான் அளவு, பளபளவென்று தட்டையாக இருக்கும். போட்டோவில் நான்கு இருந்தன, நான்கையும் வட்டம் என்பதற்காக மட்டியில் தள்ளிவிட்டார். யானைத் தந்தத்தைச் சின்னதாக்கியது போல ஒரு வெள்ளைக் குழாய் இருந்தது, கூர்மையாக இருக்கிறது என்று அது நத்தைக்குப் போனது. அது இரண்டு முனையும் திறந்த ஓடு, தனி வகுப்பு, நத்தையும் இல்லை, மட்டியும் இல்லை. சிப்பி ஒன்று கோணல்மாணலாக இருந்ததால் மற்றவையில் போய் விழுந்தது. இத்தனைக்கும் மாமா கவனமில்லாமல் பார்க்கவில்லை. வெளிக்கோடு என்பது விலங்கு எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, எந்த இனம் என்பதைச் சொல்லாது. மணலுக்குள் புதைந்து வாழ்கிறவை, பாறையில் ஒட்டி வாழ்கிறவை என்று வாழும் விதம் ஒத்துப்போனால் வெவ்வேறு இனங்கள்கூட ஒரே மாதிரி உருவத்துக்கு வந்துவிடுகின்றன.

அக்கா மகள் சுருளைத் தேடினாள். சுருள் இருந்தால் நத்தை. சுருள் இல்லாமல் கிண்ணம் மாதிரி இருந்தால் மட்டி. மீதி மற்றவை. இது எவ்வளவோ மேல், அவளுக்கு 5 தான் தப்பு. அலையில் அடிபட்டுத் தேய்ந்து, வெளி ஓடு முழுக்கப் போய், முறுக்கிய குச்சி போல் நடுத்தண்டு மட்டும் மிஞ்சிய ஒரு துண்டைக்கூட அவள் நத்தை என்று சரியாகச் சொல்லிவிட்டாள், மாமா அதைப் பவளத் துண்டு என்றிருந்தார். நத்தை ஓடு அந்தத் தண்டைச் சுற்றித்தான் வளர்கிறது, எல்லாம் உடைந்தாலும் கடைசியில் மிஞ்சுவது அதுதான். மட்டி உடைந்தால் இப்படி ஒரு தண்டு கிடைக்கவே கிடைக்காது. கடற்கரையில் பாதிக்கு மேல் உடைசல்தான் என்பதால் இந்த ஒரு விஷயம் ரொம்ப உதவும்.

ஆனால் சுருள் தெரியாத நத்தைகளும் உண்டு. அவள் விட்ட ஐந்தில் நான்கு அப்படித்தான். பொத்தான் நத்தைகளில் இரண்டு கவிழ்ந்து கிடந்தன, அடிப்பக்கத்தில் வழவழப்பான ஒரு திட்டுதான் தெரியும், சுருள் மேல் பக்கத்தில். சோழி இன்னொன்று. சின்ன வயதில் சோழிக்கும் சுருள் உண்டு, வளர்ந்ததும் கடைசிச் சுற்று மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டுவிடும், மேலிருந்து பார்த்தால் முட்டை போல மொழுமொழுவென்றுதான் இருக்கும். பல்லாங்குழி ஆடிய எல்லாரும் சோழியைக் கையில் வைத்திருக்கிறோம், ஆனால் அது நத்தை என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? நான்காவது, தொப்பி போன்ற ஓடு. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களில் ஒட்டி வாழும் நத்தையின் ஓடு அது, வளர்ந்ததற்குச் சுருளே கிடையாது, போட்டோவில் பார்த்தால் மட்டியின் ஒற்றை ஓடு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஐந்தாவது தப்பு வேறு தினுசு. சின்னதாக, ஒரு பக்கம் தட்டையாகச் சுருள் கோடும் மறுபக்கம் உருண்டையாகவும் இருந்த ஒரு வெள்ளை வில்லை. சுருள் இருக்கிறதே என்று நத்தையில் சேர்த்துவிட்டாள். அது ஓடு அல்ல, நத்தை உள்ளே போனதும் வாசலை அடைத்துக்கொள்ளும் மூடி. நான் அதை மற்றவையில் வைத்தேன், அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நத்தையுடையதுதானே என்கிறாள். அதுவும் நியாயம்தான். ஓட்டைப் பிரிக்கிறோமா, விலங்கைப் பிரிக்கிறோமா என்பதை முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

என் வழி, உள்பக்கம் பார்ப்பது. வாய் எங்கே, கீல் எங்கே, உள்ளே தழும்பு எப்படி. இதில் ஒரு பெரிய சங்கடம்: முதல் போட்டோவை வைத்து 31-ல் 14-க்கு என்னால் வாயே திறக்க முடியவில்லை. மட்டியின் ஓட்டைக் கீழே வைத்தால் முதுகு மேலேதான் நிலையாக நிற்கும், அலை ஒதுக்கிய இடத்திலும் பெரும்பாலும் கவிழ்ந்துதான் கிடக்கும், அவளும் அப்படியே அடுக்கியிருந்தாள். பார்க்க வேண்டியது எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா இரண்டு நிமிடத்தில் தப்பாகவாவது சொல்லிவிட்டார், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதே வரிசையில், எதையும் இடம் மாற்றாமல், ஒவ்வொன்றையும் புரட்டிப் போட்டு இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னேன். அது வந்ததும், மூடி பற்றிய சண்டையைத் தவிர, மற்ற 30-ம் முடிந்தது. எப்படி என்று அந்தத் தொப்பி ஓட்டையும் அதன் பக்கத்திலிருந்த மட்டியையும் வைத்துச் சொல்கிறேன், குழப்பம் எல்லாம் அங்கேதான்.

மட்டி என்பது இரண்டு ஓடு சேர்ந்த விலங்கு, நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பாதி. கதவைக் கழற்றினாலும் கீல் இருந்த இடம் தெரியுமே, அது போல அந்தப் பாதியின் ஒரு விளிம்பில் தடித்த இடமும் அதில் பல்லும் பள்ளமும் இருக்கும். வரிவரியாகப் புடைத்த ரத்தமட்டி ஓடுகள் ஐந்து இருந்தன, அவற்றின் கீல் நேர்க்கோடு, அதில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகச் சின்னப் பற்கள். வழவழப்பான கழிமுக மட்டியில் இரண்டு மூன்று பெரிய பற்கள்தான். உள்ளே குழிந்த பகுதியில், ஓடுகளை இழுத்து மூடும் தசை ஒட்டியிருந்த தழும்பு, அநேகமாக இரண்டு, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. கோணல் சிப்பியில் ஒரே தழும்பு, நடுவை ஒட்டி, கொஞ்சம் கருத்திருக்கும், மாமா ஏமாந்த அந்தச் சிப்பியை இதை வைத்துத்தான் பிடித்தேன்.

தொப்பி ஓட்டில் கீல் கிடையாது. விளிம்பைச் சுற்றிலும் ஒரே மாதிரி, பல்லே இல்லை. உள்ளே தழும்பு குதிரை லாடம் மாதிரி வளைந்து ஒரு பக்கம் திறந்திருக்கும், தலை வெளியே வரும் பக்கம் அது. இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் முதுகுப் பக்கப் போட்டோவில் இதில் எதுவுமே தெரியாது. உச்சி எங்கே என்று பார்த்து ஊகிக்கலாம், தொப்பியில் நடுவுக்குப் பக்கத்தில், மட்டியில் விளிம்பில். தேய்ந்த ஓட்டில் அந்த ஊகமும் சந்தேகம்தான்.

ஓட்டில் துளை இருந்தால் இன்னும் குழப்பம். வழவழப்பான மட்டி ஒன்றில் துரப்பணம் போட்டது போல் சுத்தமான வட்டத் துளை. உச்சியில் இயற்கையாகவே துளையுள்ள தொப்பி நத்தைகளும் உண்டு, அதனால் அதுவும் அந்த வகையோ என்று அக்கா மகள் கேட்டாள். இல்லை, இன்னொரு நத்தை துளைத்துச் சாப்பிட்டது. வெளிப்பக்கம் அகலமாக, உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் துளை, அதன் வேலை. அதே குவியலில் உருண்டையான வழவழப்பு நத்தைகள் இரண்டு கிடந்தனவே, அந்த இனம்தான் குற்றவாளி. பக்கத்துப் பக்கத்தில் கொலையாளியும் கொலையுண்டதும்!

மற்றவை ஐந்தில் மூடியையும் தந்தக் குழாயையும் சொல்லியாயிற்று. கணவாய்க்குள் இருக்கும் வெள்ளை ஓடு ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவது. படகின் அடியில் ஒட்டும் கொட்டலசு ஒரு கொத்து, அது நண்டு, இறாலின் சொந்தம், மெல்லுடலியே இல்லை. அப்பளம் போல ஒரு துண்டு, மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்தது போல, கடல் முள்ளெலியின் உறவு. ஐந்து இதழைக் கண்டால் வேறு யோசனையே வேண்டாம்.

ஆக, எதை எடுப்பது? முதுகுப் பக்கம் மட்டும் தெரியும் ஒரே ஒரு போட்டோ, பொருள் கையில் இல்லை என்றால், சுருளைத் தேடும் வழிதான் உருப்படி, உள்பக்கம் பார்க்கும் என் வழி அங்கே பாதி செத்துவிடும். திரும்பவும் படம் எடுக்க முடியும் என்றால் உள்பக்க வழியை விட்டு வேறு எதற்கும் போகாதீர்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் இரண்டையும் கலக்கலாம்: சுருள் கண்ணில் பட்டதை எல்லாம் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் புரட்டி எடுப்பது. இந்த 31-ல் அப்படிச் செய்திருந்தால் 9 முதலிலேயே கழிந்திருக்கும், 22-ஐப் புரட்டினால் போதும். அந்த 9-க்குள் மூடி ஒளிந்திருக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும், வாய்த் திறப்பே இல்லாத சுருள் என்றால் அதையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். மாமாவின் வழியை எதற்கும் சொல்ல மாட்டேன், அவரிடம் இதைச் சொல்லவும் மாட்டேன்.

படம் எடுக்கும்போது கழுவிக் காய வைத்துவிட்டு எடுங்கள், ஈரத்தில் மினுக்கிக் கீல் பல் மறைந்துவிடும். உச்சி வெயில் வேண்டாம், காலையில் ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் பல்லும் தழும்பும் நிழலோடு எழும்பித் தெரியும். விரிப்பு கறுப்புத் துணியாக இருந்தால் வெள்ளை ஓட்டின் விளிம்பு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மூலையிலாவது எழுத்துள்ள தாள் ஒன்று இருக்கட்டும். காரணம் இது. அந்தக் குவியலில் ஒரு சின்னச் சங்கும் இருந்தது. அதை மட்டும் அவள் கையில் பிடித்து முன்பக்க கேமராவில் தனியாக எடுத்து அனுப்பினாள், கூர்முனை மேலே, வாய் நம்மைப் பார்த்து. வாய் இடது பக்கம் இருந்தது. வலம்புரி! குரூப்பில் ஒரே கொண்டாட்டம், மாமா பூஜை அறையில் இடம் ஒதுக்கவே போய்விட்டார். முன்பக்க கேமரா சில போன்களில் கண்ணாடி போல இடவலம் மாற்றிச் சேமித்துவிடும். பின்னால் தரையில் கிடந்த தினசரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தலைப்பு எழுத்துகள் எல்லாம் திரும்பி நின்றன.