சார்ஜரைத் தேடாத கை: பேண்டா, பேசும் வாட்சா?

ஆறு மாதத்துக்கு முன் நானும் தம்பியும் ஒரே நாளில் ஆர்டர் போட்டோம். இரண்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்தான். நான் வாங்கியது ஒல்லியான ஃபிட்னெஸ் பேண்ட். அவன் வாங்கியது புளூடூத்தில் பேசும் பெரிய திரை வாட்ச். திரையும் பேச்சு வசதியும் அவனுடையதில்தான் மேல். அதில் வாதமே இல்லை.

என் கணக்கு சார்ஜில்தான் தொடங்குகிறது. பெட்டியில் 14 நாள் என்று போட்டிருந்தது. நாடித்துடிப்பை நாள் முழுக்க அளக்கவிட்டு, தூக்கப் பதிவையும் போட்டு வைத்தால் எனக்கு 11, 12 நாள் வருகிறது. திரையை எப்போதும் எரியவிட்டுப் பார்த்தேன், பாதியாகிவிட்டது, அணைத்துவிட்டேன். தம்பியின் வாட்சுக்கு இரண்டு நாளுக்கொரு முறை சார்ஜ் வேண்டும். அவன் அதை ராத்திரியில் போடுவான். அப்போது அன்றைய தூக்கப் பதிவு போயிற்று. மூன்றாம் மாதத்திலிருந்து தூக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான். நான் குளிக்கப் போகும்போது சார்ஜில் போட்டு, காபி குடித்து முடித்ததும் எடுத்துக் கட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரி சின்ன லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜுக்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு தளர்ந்துவிடும். ஆறு மாதத்தில் நான் போட்டது 15 சார்ஜ். அவன் போட்டது 90. இதே வேகத்தில் போனால் இரண்டு வருஷத்தில் அவன் அந்த எல்லைக்குள் நுழைந்துவிடுவான். உள்ளே ஒட்டி மூடியிருக்கும் பேட்டரியை இந்த விலைப் பொருளுக்கு மாற்றித் தர யாரும் முன்வருவதில்லை. என்னுடையது மூன்றாம் வருஷம் எப்படி இருக்கும் என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன்.

சார்ஜ் போடுவதற்கு முன் பின்பக்கத்துப் பித்தளை நிறப் புள்ளிகளைத் துடைத்துவிடுங்கள். வியர்வை ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் அந்தப் புள்ளிகள் அரித்துப்போகும். தம்பியுடையதில் ஒரு புள்ளி ஏற்கெனவே கறுத்துவிட்டது.

பேண்டிலும் குறை உண்டு. ஐந்தாம் மாதம் ஸ்ட்ராப் துளை கிழிந்தது. அதன் வடிவம் தனி என்பதால் ஆன்லைனில் தேடித்தான் வாங்கினேன். தம்பிக்குக் கடைத்தெருவில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

அளக்கும் துல்லியத்தைப் பொறுத்தவரை, 400 மீட்டர் மைதானத்தில் பத்துச் சுற்று நடந்தேன், பேண்ட் 4.4 கிலோமீட்டர் காட்டியது. ஜிபிஎஸ் இல்லாமல் காலடியை எண்ணிச் சொல்லும் தூரம் அப்படித்தான். வேக நடையில் ஒருநாள் நாடித்துடிப்பு 128 என்றது. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன், 26 வந்தது. அதாவது நிமிடத்துக்கு 104. கை வீச்சின் தாளத்தைத் துடிப்பென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கமாகக் கட்டியபின் இந்தக் கோளாறு குறைந்தது. ஆக்சிஜன் அளவை நான் நம்பிப் பார்ப்பதில்லை. நீச்சலில் போட்டதும் இல்லை.

போன் பேசுவதுதான் முக்கியமென்றால் தம்பியுடையதை வாங்குங்கள். அவன் இப்போது ஆபீசில் இன்னொரு சார்ஜர் வைத்திருக்கிறான்.