அம்மாவின் பழைய கணக்கு முடங்கிவிட்டது: திரும்பிய பணத்தை இனி எந்த வழியில் அனுப்பலாம்?

துபாயில் எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் 2,500 திர்ஹம் கட்டினீர்கள். ஒரு திர்ஹமுக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; ஊரில் அம்மா கணக்கில் 60,000 ரூபாய் விழ வேண்டும். விழவில்லை. இரண்டு நாள் கழித்து, பெறுபவரின் கணக்கு டார்மன்ட், பணம் ஏற்கப்படவில்லை என்று குறுஞ்செய்தி வருகிறது. அம்மாவோ, “பாஸ்புக்ல போன மாசம்கூட வட்டி ஏறியிருக்கேப்பா” என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். வட்டி வங்கி தானாக வரவு வைப்பது. வங்கி எடுக்கும் கட்டணமும் அப்படித்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி இவை வாடிக்கையாளர் நடத்திய பரிவர்த்தனை ஆகாது. பணம் போடுவது, எடுப்பது, பிறர் அனுப்புவது, கே.ஒய்.சி. புதுப்பிப்பது போன்ற ஒன்றுமே இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லையென்றால் சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். அதே வங்கியில் அம்மா பெயரில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் அது இதைக் காப்பாற்றாது; ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகவே பார்க்கப்படும். பணத்துக்கு ஆபத்தில்லை. வட்டி தொடரும், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் போடவும் கூடாது. ஆனால் இப்படிப்பட்ட கணக்குக்கு வெளியிலிருந்து வரும் வரவைச் சில வங்கிகளின் கணினி ஏற்கும், சிலவற்றின் கணினி திருப்பிவிடும். நம்முடையது இரண்டாவது.

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு வேலை: போன பணம் உண்மையில் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்சிடம் யு.டி.ஆர். எண் கேட்டு வாங்குங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று ஊர் வங்கியில் விசாரிக்க அதுதான் பிடி. திரும்பும் தொகை எந்த விலையில் கைக்கு வரும் என்பதையும் கேளுங்கள். 60,000 ரூபாயை அன்றைய விலையில் மறுபடி திர்ஹமாக மாற்றி, அன்று விலை 24.20 என்றிருந்தால், கைக்கு வருவது ஏறக்குறைய 2,479. அனுப்பிய கட்டணமும் போனதுதான். கட்டிய திர்ஹமையே அப்படியே தரும் இடங்களும் உண்டு. ரசீதின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும்.

இப்போது வழிகள். முதல் வழி பழைய கணக்கை உயிர்ப்பிப்பது. அம்மா ஆதார், பான் அட்டை (இல்லையென்றால் படிவம் 60), புகைப்படம், பாஸ்புக்கோடு போய் கே.ஒய்.சி. புதுப்பித்து, கணக்கைச் செயல்படுத்தக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இதில் அம்மா பக்கம்: அதே வங்கியின் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. கொடுக்கலாம், கட்டணம் வாங்கக் கூடாது, முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் செயல்படுத்த வேண்டும். “கணக்கு இருக்கிற கிளைக்கே போங்க” என்று அனுப்பப் பார்த்தால் இதைச் சொல்லலாம். இழுத்தடிப்பு பெரும்பாலும் வேறிடத்தில் வரும். பழைய கணக்குகள் பல அப்பா பெயரோடு கூட்டுக் கணக்காக இருக்கும். அப்பா இல்லையென்றால் முதலில் இறப்புச் சான்றிதழ் கொடுத்து அவர் பெயரை நீக்க வேண்டும். அது மூன்று நாள் கணக்கில் சேராது. ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் முதலெழுத்தில் மாறியிருந்தாலும் இழுக்கும்.

செயல்பட்டுவிட்டது என்று சொன்னதும் முழுத் தொகையை அனுப்பாதீர்கள். அம்மா கவுன்டரில் 100 ரூபாய் போட்டு, பிறகு கொஞ்சம் எடுத்தும் பார்க்கட்டும். இரண்டும் பாஸ்புக்கில் பதிவானால் கணக்கு இரு பக்கமும் திறந்திருக்கிறது. அதன் பிறகு நீங்கள் ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்.

இரண்டாவது, அம்மாவின் வேறொரு கணக்கு. என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். மகளிர் உரிமைத்தொகையோ முதியோர் உதவித்தொகையோ விழுந்து, மாதாமாதம் எடுத்துக்கொண்டும் இருந்தால் அந்தக் கணக்குக்கு உயிர் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் பெறுபவர் விவரத்தை மாற்றினால் போதும், வங்கிப் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் அது முழு அடையாள ஆவணம் இல்லாமல் திறந்த ‘சிறு கணக்கு’ வகையா என்று பார்த்துவிடுங்கள். அவ்வகைக் கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆவணம் கொடுத்து அடையாளம் உறுதியாகும்வரை வெளிநாட்டுப் பணத்தை வரவு வைக்கவும் விதி இடம் தராது. நம்முடைய 60,000 அங்கே போனால் மறுபடி திரும்பும். முன்பு ஜன் தன் திட்டத்தில் அவசரமாகத் திறந்த கணக்கு என்றால் கிளையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஆதார் கொடுத்து கே.ஒய்.சி. முடித்தால் இந்தத் தடை போய்விடும்.

மூன்றாவது, ரொக்கமாக எடுக்கும் வழி. அம்மா அடையாள அட்டையும் குறிப்பு எண்ணும் கொண்டு ஊர் முகவரிடம் பெற்றுக்கொள்வார். கணக்கே தேவையில்லை, பெரும்பாலும் அன்றே கிடைக்கும். ஆனால் கையில் ரொக்கமாகத் தருவது 50,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் காசோலையாகவோ கணக்கு வரவாகவோதான் வரும், அதாவது சுற்றி வந்து அதே கணக்குச் சிக்கலில் நிற்போம். ஒரு முறை 2,500 டாலர், ஒருவருக்கு ஆண்டுக்கு 30 முறை என்ற உச்சவரம்பும் இந்த வழிக்கு உண்டு. வீட்டுச் செலவுக்கு அனுப்புபவருக்கு அவை இடிக்காது. 60,000-ஐ இரண்டாக உடைத்து ஒரே நாளில் ரொக்கமாக எடுக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கட்டணம் இரு முறை. முகவர் கேள்வி கேட்கவும் இடம். மருத்துவச் செலவுக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ உடனே வேண்டிய 20,000-ஐ மட்டும் இந்த வழியில் அனுப்பி, மீதியைக் கணக்கு சரியானதும் அனுப்பலாம்.

நான்காவது, மச்சான் கணக்குக்கோ பக்கத்து வீட்டு அண்ணன் கணக்குக்கோ போட்டு எடுத்துத் தரச் சொல்வது. வேகமானது, எல்லோரும் செய்வது. உறவினர் என்றால் வரிச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் இல்லாத ஒருவர் கணக்கில், ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் அவர் வருமானமாகக் கருதப்படலாம். அது அவருடைய பணமல்ல என்று விளக்க வேண்டியது அவர்தான். உதவி செய்தவருக்கு நாம் அந்த நிலையை உண்டாக்கலாமா?

என் பார்வையில், அம்மாவுக்கு உயிருள்ள, கே.ஒய்.சி. முடிந்த வேறு கணக்கு இருந்தால் இரண்டாம் வழி மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிடும். இல்லையென்றால் அவசரத் தொகைக்கு ரொக்கம், மீதிக்கு முதல் வழி.

இவ்வளவும் கணக்கு அம்மாவுடையது என்றால்தான். முடங்கியது வெளிநாடு போகுமுன் நீங்களே வைத்திருந்த சேமிப்புக் கணக்கு என்றால், ஊர் முகவரியோடு அப்படியே உயிர்ப்பித்துப் பணம் அனுப்புவது சரியில்லை. வேலைக்காக வெளிநாடு போய் அங்கேயே தங்கியவரின் உள்நாட்டுக் கணக்கை அந்நியச் செலாவணி விதிப்படி என்.ஆர்.ஓ. எனும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். கே.ஒய்.சி. கொடுக்கும்போதே பாஸ்போர்ட், விசா நகலோடு அந்த மாற்றத்தையும் கேளுங்கள். இனி அனுப்பும் சம்பளப் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு திறப்பது நல்லது: அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துப் போகலாம். அம்மா அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டுமென்றால் வங்கியில் அவர் பெயருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துவிடலாம்.