மாதம்மாளின் விசுவாசத்தை எப்படி எண்ணுவது: மூன்று வழிகள்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு நானும் என் நண்பரும் உருவாக்கிவரும் கதைவிளையாட்டில், ஆட்டக்காரருடன் கடைசிவரை கூடவே நடக்கும் ஒரு தோழிப் பாத்திரம் உண்டு. ஒகேனக்கல் பக்கத்தில் பரிசல் ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு மாதம்மாள் என்று பெயர் வைத்தோம். அவளுடைய அண்ணன் வேடி, ஆநிரை கவர்ந்த ஒரு சண்டையில் இறந்தவன். அவனுக்கு இன்னும் நடுகல் எடுக்கப்படவில்லை. எடுப்பதுதான் அவளுடைய சொந்தக் குவெஸ்ட், அதாவது ஆட்டக்காரர் அவளுக்காக முடிக்க வேண்டிய பணி. அவளுடைய உருவத்தையும் குரலையும் முடிவு செய்ய ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. ஆனால், ஆட்டக்காரர் மீது அவளுக்கு உள்ள விசுவாசத்தை விளையாட்டு எந்த வடிவத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியில் மூன்று மாதம் போய்விட்டது. ஒற்றை எண், இரண்டு அளவுகோல்கள், நிகழ்வுகளின் நினைவு ஆகிய மூன்றையும் ஒரே காட்சியில் ஓட்டிப் பார்த்தோம்.

அந்தக் காட்சி இதுதான். மாட்டுச் சந்தையில் திருட்டுக் கன்றுடன் பிடிபட்ட ஒரு சிறுவனை ஆட்டக்காரர் தப்பவிடலாம், அல்லது ஊர்த்தலைவரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தால் மாதம்மாளுக்குப் பிடிக்காது, ஏனென்றால் அந்தச் சிறுவனின் வயதில்தான் அவளுடைய அண்ணன் முதன்முதலில் மாடு பிடிக்கப் போனான். இதன் பிறகு ஆட்டக்காரர் அவளுக்குப் புதுத் துடுப்பு, வெள்ளிக் காப்பு, கேழ்வரகு மாவு, சந்தனக் கட்டை என்று நான்கு பரிசுகள் வாங்கித் தருகிறார்.

ஒற்றை எண் முறை எல்லோரும் அறிந்தது. 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு தோழருக்கும் −100 முதல் +100 வரை ஒரு மதிப்பெண் இருந்தது, பேச்சும் பரிசும் அதை ஏற்றி இறக்கும். எங்கள் காட்சியில் சிறுவனை ஒப்படைத்தால் 15 குறையும், ஒவ்வொரு பரிசுக்கும் 5 கூடும். நான்கு பரிசு தந்து முடித்தபோது அவள் கணக்கில் 5 கூடுதலாக நின்றது. சோதித்துப் பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர் சந்தையிலிருந்து நேராகக் கடைக்குப் போய்ப் பரிசுகளை வாங்கி, அவள் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். நான்காவது பரிசு முடிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே பாடத் தொடங்கினாள். சிறுவன் விஷயம் அவள் மனத்தில் எங்கும் இல்லை. அந்த மாணவர் எந்தத் தவறும் செய்யவில்லை. விளையாட்டு அவருக்குக் கற்றுத்தந்ததை அவர் சரியாகக் கற்றுக்கொண்டார். கூட்டல் கழித்தலில் காரணம் கரைந்துபோகிறது என்பதே இம்முறையின் குறை. 40 என்ற எண், நூறு சிறு நன்மைகளால் வந்ததா, ஒரு பெரும் துரோகத்தை மூடிய பரிசுகளால் வந்ததா என்று அதற்கே தெரியாது.

தமிழில் எழுதும்போது இந்த முறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதை நாங்கள் எழுதத் தொடங்கிய பிறகுதான் கண்டோம். மாதம்மாள் ஆட்டக்காரரை முதலில் "வாங்க, உட்காருங்க" என்று அழைக்கிறாள். நம்பிக்கை வந்தபின் "அண்ணா, நீ முன்னாடி உட்காரு" என்கிறாள். 50ஐத் தாண்டினால் "நீ", அதற்குக் கீழே "நீங்க" என்று எல்லை வைத்தோம். ஒரு நாள் சோதனையில் மதிப்பெண் 52இலிருந்து 48க்கும், மறுபடி 51க்கும் நகர்ந்தது. பத்து நிமிடத்திற்குள் அவள் "நீ" என்றும் "நீங்க" என்றும் மாறி மாறிப் பேசினாள். படிப்பவருக்கு அது எழுத்துப்பிழை போலத் தெரிந்தது. நம் ஊரில் "வா அண்ணா" என்று அழைத்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் "வாங்க" என்று சொன்னால், அதைவிடப் பெரிய கோபம் எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழுக் காட்சி எழுத வேண்டியிருக்க, அதை ஓர் எண்ணின் ஏற்ற இறக்கத்தில் விட்டுவிட்டோம். மேலேற 50, கீழிறங்க 30 என்று இரண்டு எல்லைகள் வைத்து இந்த ஊசலாட்டத்தை நிறுத்தலாம், நாங்களும் நிறுத்தினோம். ஆனால் மாற்றம் ஏன் நேர்ந்தது என்று சொல்லும் காட்சி அப்போதும் கிடைக்கவில்லை.

இரண்டாவது முறையில் எண் ஒன்றல்ல, இரண்டு. 2016இல் வெளிவந்த டிரனி விளையாட்டு, தோழர்களின் பற்றையும் அச்சத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டது. ஒன்று கூடும்போதே மற்றதும் கூடலாம். நாங்கள் நெருக்கம், நம்பிக்கை என்று வைத்தோம். சிறுவனை ஒப்படைத்தால் நம்பிக்கையில் 15 குறையும். பரிசுகள் நெருக்கத்தில் மட்டும் 20 கூட்டும். இப்போது அவள் காப்பை வாங்கிப் போட்டுக்கொள்வாள், ஆனால் ஆற்றின் ஆழமான வழியை உங்களுக்குக் காட்டித் தரமாட்டாள். இது உண்மையிலேயே மனிதர்களை ஒத்திருக்கிறது, எனக்கு இம்முறைமீது இன்றும் மதிப்பு உண்டு.

இருந்தும் இதைக் கைவிட்டதற்குக் காரணம் எழுத்துச் சுமை. வழிநடையில் அவள் பேசும் சிறு பேச்சுகளுக்குப் பன்னிரண்டு சந்தர்ப்பங்கள் வைத்திருந்தோம். ஒற்றை எண்ணில் தாழ்வு, நடு, உயர்வு என்று மூன்று நிலைக்கும் எழுதினால் 36 துண்டுகள். இரண்டு அளவுகோல்களிலும் மும்மூன்று நிலை என்றால் ஒன்பது கலவை, மொத்தம் 108 துண்டுகள். இருவர் மட்டும் எழுதும்போது நாற்பதாவது துண்டிலிருந்தே எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின. அத்துடன், "நெருக்கம் நடு, நம்பிக்கை தாழ்வு" என்ற கட்டத்தில் நிற்கும் ஒருத்தி எதைப் பற்றிப் பேசுவாள் என்று எழுத உட்கார்ந்தால், கட்டம் மனநிலையை மட்டுமே சொல்கிறது. அவள் எதை நினைத்து அந்த மனநிலையில் இருக்கிறாள் என்று சொல்வதில்லை.

மூன்றாவது முறையில் விசுவாசத்திற்கு எண்ணே இல்லை. அவளுக்கு மறக்க முடியாத ஏழு நிகழ்வுகளை மட்டும் குறித்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் நடக்கவில்லை, இப்படி நடந்தது, அப்படி நடந்தது என்ற மூன்று நிலையில் ஒன்றில் இருக்கும். அதைப் பற்றி இருவரும் பேசிவிட்டார்களா என்பதையும் தனியாகக் குறிக்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் இங்க் என்ற கதைமொழியில் பரிசல் காட்சி இவ்வளவுதான்:

```
{ handed_boy and not spoke_of_boy:
    -> river_silence
- else:
    -> river_song
}
```

சிறுவனை ஒப்படைத்தவர் எத்தனை பரிசு தந்தாலும் அடுத்த பரிசல் பயணத்தில் பாட்டு வராது. அவள் துடுப்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன் உங்களைப் பாத்துத்தான் ஓடி வந்தான்" என்று மட்டும் சொல்வாள். "உங்களை" என்று மரியாதைக்குத் திரும்பியதே அவளுடைய கோபம். அதற்கு விளக்க வரி எழுதத் தேவைப்படவில்லை. ஏழு நிகழ்வுகளுக்கு இரண்டிரண்டு விளைவு என்று 14 துண்டுகள், எப்போதும் பேசக்கூடிய பொதுப்பேச்சு 12, மொத்தம் 26. மூன்று முறைகளில் இதற்குத்தான் எழுத்து குறைவு என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

சுமை வேறிடத்தில் வந்து உட்கார்ந்தது. ஏழு நிகழ்வுகள் மும்மூன்று நிலையில் இருந்தால் 2,187 கலவைகள் வரும். அவ்வளவையும் விளையாடிச் சோதிக்க முடியாது. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். பேசப்படாத நிகழ்வுகள் பல இருந்தாலும் ஒரு பயணத்தில் மிகக் கனமான ஒன்றைப் பற்றி மட்டுமே அவள் வாய் திறப்பாள். அப்போது ஒன்றுக்கொன்று முரணாகப் பேசக்கூடிய இணைகளை மட்டும் பார்த்தால் போதும், அவை 21. முரண் எப்படித் தெரியும் என்றால், எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்: சிறுவன் பின்னால் வரும் ஒரு சண்டையில் இறந்துவிட்ட பிறகும், "அவன் பெரியவனாகி உங்களைத் தேடி வருவான்" என்று அவள் சொன்னாள். ஒவ்வொரு துண்டும் தன் நிபந்தனையை எழுதப்பட்ட நேரத்தில் சோதிக்காமல், பேசும் நேரத்தில் சோதிக்க வேண்டும் என்பதை அதிலிருந்து கற்றோம்.

பரிசலைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வயல்வெளியில் நடக்கும்போது ஆட்டக்காரர் ஓடிவிடுகிறார், அல்லது சண்டை குறுக்கிடுகிறது. பாதியில் அறுந்த பேச்சைப் பல விளையாட்டுகள் பேசி முடித்ததாகவே குறித்துக்கொண்டு பிறகு ஒருபோதும் சொல்வதில்லை. பரிசலில் இறங்கிப் போக வழியில்லை, பயணம் ஒன்றரை நிமிடம், ஆறு வரி தாராளமாக அடங்கும். எனவே கனமான பேச்சு ஆற்றில், சில்லறைப் பேச்சு நடையில் என்று பிரித்தோம். நடைப்பேச்சின் தொனிக்கு மட்டும் பழைய ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டோம். பரிசு தந்தால் நடையில் கலகலப்பாகப் பேசுவாள், அவ்வளவே. ஒரு நல்ல துடுப்பைப் பார்த்து மகிழ்வதும், மனத்துக்குள் ஒன்றை மறக்காமல் இருப்பதும் ஒருத்தியிடமே இருக்கக்கூடியவை.

மூன்று முறைகளும் மிகத் தெளிவாகப் பிரியும் இடம் அவளுடைய சொந்தக் குவெஸ்ட். 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2இல் தோழரின் குவெஸ்டை முடித்தால் அவர் விசுவாசி ஆகிறார். ஆகாதவர் இறுதிப் போரில் இறக்க நேரலாம். அது வலுவான அமைப்பு, ஏனென்றால் விளைவு பெரிது. ஆனால் அங்கே குவெஸ்ட் முதலில், விசுவாசம் பிறகு. எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டியிருந்தது. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேர்வது, அதை எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது என்று ஆறும் அப்படியே ஆறு பணிகளாக அமைந்துவிட்டன.

நான்காம் படியில் கல்லில் எழுத்து வெட்ட வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த பல நடுகற்களில், தொறு மீட்டு இறந்தவனும் தொறு கொண்டு இறந்தவனும் கல் பெற்றிருக்கிறார்கள். தொறு என்பது மாட்டு மந்தை. மாதம்மாள் தன் அண்ணன் மந்தையை மீட்கும்போது இறந்தான் என்று நம்புகிறாள். அவன் கவர்ந்துகொண்டு வரும்போதுதான் இறந்தான் என்பதை ஆட்டக்காரர் முன்பே அறிந்துகொள்ள வழி உண்டு. ஆகவே கல்லில் "மீட்டு" என்று வெட்டுவதா, "கொண்டு" என்று வெட்டுவதா என்பதே முடிவு. ஒற்றை எண் முறையில் 60க்கு மேல் இருந்தால் அவள் உண்மையைத் தாங்குவாள், இல்லாவிட்டால் உடைந்துபோவாள் என்று எழுதியிருந்தோம். படிக்கும்போது அது பொய்யாக இருந்தது. நினைவு முறையில், உண்மையை முன்பே அவளிடம் சொன்னீர்களா மறைத்தீர்களா, அந்தச் சிறுவனை என்ன செய்தீர்கள் என்ற இரண்டு நிகழ்வுகள் மட்டும் பார்க்கப்படுகின்றன. சிறுவனைத் தப்பவிட்டு, உண்மையையும் சொன்னவரிடம் அவள் உளியை வாங்கித் தானே "கொண்டு" என்று வெட்டுகிறாள்.

மறைத்தவருக்கு எழுதிய முடிவுதான் இன்னும் எங்களைத் தொந்தரவு செய்கிறது. "மீட்டு" என்று கல் நிற்கிறது, ஊர் படையல் வைக்கிறது, அவள் நிறைவாக இருக்கிறாள், "அண்ணா, நீ இல்லாட்டி இது நடந்திருக்காது" என்கிறாள். திரையில் எந்தத் தண்டனையும் இல்லை. ஊர்க் கிழவர் ஒருவர் பின்னால் வந்து அவளிடம் உண்மையைச் சொல்லும் காட்சியைச் சேர்க்கலாமா என்று என் நண்பர் கேட்டார். சேர்த்துப் பார்த்தோம், பிறகு எடுத்துவிட்டோம். அந்த "நீ" என்ற சொல்லை ஆட்டக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கிழவர் குறுக்கே வரத் தேவையில்லை என்று இருவருக்கும் தோன்றியது.