முழங்காலில் வலி, இடுப்பில் நோய்: நொண்டும் குழந்தையின் வயது எதைச் சொல்கிறது?

மூன்று குழந்தைகள் ஒரே நாளில் மருத்துவரிடம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 வயதுச் சிறுமி காலையில் கட்டிலை விட்டு இறங்கவே மறுத்து அழுகிறாள். 6 வயதுச் சிறுவன் ஒரு மாதமாக, விளையாடி முடித்த மாலை வேளைகளில் மட்டும் விந்தி நடக்கிறான். 12 வயதுச் சிறுவனுக்கு இரண்டு மாதமாக முழங்கால் வலி. மூவருக்கும் சிக்கல் நடையில்தான். மூவருக்கும் நோய் இடுப்பு மூட்டில் இருக்கக்கூடும். ஆனால் மருத்துவர் முதலில் சந்தேகிக்கும் நோய் மூவருக்கும் மூன்று வகை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மனப்பாடமாகக் கற்ற பட்டியல் மட்டுமன்று. தொடை எலும்பின் மேல்முனையில், பந்து போன்ற தலைக்கும் அதைத் தாங்கும் கழுத்துக்கும் இடையே இருக்கும் வளர்ச்சித் தகடு என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு, ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு விதமாகப் பலவீனப்படுகிறது என்பதே அடிப்படைக் காரணம்.

அதற்குள் நுழையும் முன், முழங்காலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடையின் உட்புறமாக இறங்கும் ஒரே நரம்பு இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளைகளை அனுப்புவதால், இடுப்பில் எழும் வலியை மூளை முழங்காலின் வலியாக எடுத்துக்கொள்வது உண்டு. குழந்தை பொய் சொல்லவில்லை. அதற்கு உண்மையாகவே அங்கேதான் வலிக்கிறது. எனவே, முழங்காலில் வீக்கமோ தொட்டால் வலியோ இல்லாமல் 'முழங்கால் வலி' என்று வரும் எந்தக் குழந்தைக்கும் இடுப்பைச் சோதிக்காமல் முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து அனுப்புவது, என் பார்வையில், இந்தத் துறையில் நடக்கும் தவறுகளிலேயே மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது.

4 வயதுச் சிறுமியிடம் போட்டியிடும் நோய்கள் இரண்டு. ஒன்று தற்காலிக மூட்டுறை அழற்சி. பெரும்பாலும் சளி, காய்ச்சல் வந்து போன சில நாட்களில் மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்து, ஓய்வாலும் ஐபுப்ரோஃபென் மருந்தாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். மற்றொன்று, மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தல். அந்தச் சீழிலுள்ள நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கத் தொடங்கிவிடும். உள்ளே ஏறும் அழுத்தம் எலும்புத் தலைக்குப் போகும் ரத்தத்தை நெரிக்கும். அதனால் இது நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நோய். கைக்குழந்தைகளிடமும் சிறு குழந்தைகளிடமும் இது அதிகம் வருவதற்கு உடற்கூற்றுக் காரணம் ஒன்று உண்டு: இடுப்பில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மூட்டுறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது, போதாததற்கு, ஏறத்தாழ ஒன்றரை வயது வரை ரத்தக் குழாய்கள் வளர்ச்சித் தகட்டைத் தாண்டி ஓடுகின்றன. எலும்பில் தங்கிய கிருமி மூட்டுக்குள் இறங்குவதற்குத் தடையே இல்லை.

இவ்விரண்டையும் பிரிக்க, பாஸ்டன் நகர மருத்துவர் மினிந்தர் கோச்சர் குழுவினர் 1999-இல் நான்கு அளவுகோல்களை முன்வைத்தனர்: 38.5 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது ஏறத்தாழ 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். காலை ஊன்றவே முடியாமை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர் என்னும் ரத்தச் சோதனை 40-க்கு மேல். வெள்ளணுக்கள் 12,000-க்கு மேல். ஒன்றுகூட இல்லையென்றால் சீழுக்கான வாய்ப்பு 0.2 சதவீதத்துக்கும் குறைவு, ஒன்று இருந்தால் 3, இரண்டு இருந்தால் 40, மூன்று இருந்தால் 93 சதவீதம் என்று அவர்கள் கணித்தார்கள். ஆனால் வேறொரு மருத்துவமனையில் இதையே சோதித்தபோது, நான்கும் இருந்த குழந்தைகளில்கூட 59 சதவீதம் என்றுதான் வந்தது. ஆகவே இந்த எண்களைத் தீர்ப்பாக அல்ல, எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்று காட்டும் அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் சேர்ந்த சிஆர்பி என்னும் ரத்தச் சோதனை, லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால், சந்தேகத்தை மேலும் கூட்டுகிறது.

நம் ஊர்களில் இந்தக் கணக்கைக் குழப்புவது, இடையில் கொடுக்கப்பட்ட மருந்து. சிறுமிக்கு இரண்டு நாள் முன்பு 102 டிகிரி காய்ச்சல் அடித்தது, கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கும் பாராசிட்டமாலும் கொடுத்தார்கள், இன்று 99.6 தான் இருக்கிறது என்றால், அவளைக் 'காய்ச்சல் இல்லை' என்ற கட்டத்தில் போட்டுவிடக் கூடாது. மருந்துக்கு முன் எவ்வளவு இருந்தது, கடைசி பாராசிட்டமால் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு, அந்தக் காய்ச்சலையும் எண்ணிக்கையில் சேர்ப்பதே சரி. அவள் படுத்திருக்கும் விதமும் பேசும்: சீழ் பிடித்த குழந்தை இடுப்பை மடக்கி, தொடையை விரித்து, வெளிப்பக்கம் சாய்த்து அசையாமல் கிடக்கும், ஏனென்றால் மூட்டுறையில் அதிக இடம் கிடைப்பது அந்த நிலையில்தான். டயப்பர் மாற்றும்போது ஒரு காலை மட்டும் தொட விடாமல் அலறும் கைக்குழந்தைக்கும் இதே பொருள்தான். ஸ்கேன் மூட்டுக்குள் நீர் இருப்பதைக் காட்டும், ஆனால் அது எந்த நீர் என்று சொல்லாது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஊசியால் அந்த நீரை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 4 வயதுக்குக் கீழே கிங்கெல்லா என்றொரு கிருமி உண்டு. அது குறைந்த காய்ச்சலோடும், ஏறக்குறைய இயல்பான ரத்தச் சோதனைகளோடும் வரும் என்பதால், மேற்சொன்ன அளவுகோல்களுக்கு அது எளிதில் தப்பிவிடுகிறது.

6 வயதுச் சிறுவனிடம் அவசரம் குறைவு, பொறுமை அதிகம் தேவை. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை, நடை மட்டும் கோணலாகிறது. இந்த வயதில் தற்காலிக அழற்சியோடு போட்டியிடுவது, 1910-ஐ ஒட்டி லெக், கால்வே, பெர்த்தஸ் ஆகிய மூவர் தனித்தனியாக விவரித்த பெர்த்தஸ் நோய். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் தடைப்பட்டு, அது நொறுங்கி, பின் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் மீண்டும் எலும்பாகக் கட்டப்படும் நோய் அது. 4 முதல் 8 வயது வரை ஏன் என்ற கேள்விக்கும் வளர்ச்சித் தகடுதான் விடையின் ஒரு பகுதி: கீழிருந்து வந்த ரத்தக் குழாய்களைத் தகடு மறித்துவிட்டது, மூட்டுக்குள்ளிருக்கும் தசைநார் வழியாக வரும் குழாய் இன்னும் போதிய அளவு வளரவில்லை, எலும்புத் தலை முழுவதும் ஒரே பக்கத்திலிருந்து வரும் ரத்தத்தை நம்பியிருக்கும் காலம் இது. சிறுமியரைவிடச் சிறுவர்களுக்கு இது நான்கைந்து மடங்கு அதிகம் வருகிறது.

இங்கே காலமே சிறந்த சோதனைக் கருவி. தற்காலிக அழற்சி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். அதைத் தாண்டியும் நொண்டல் நீடித்தால், அல்லது போய்த் திரும்ப வந்தால், முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தது என்ற நிம்மதியை விட்டுவிட வேண்டும். பெர்த்தஸின் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே குறையில்லாமல் தெரியக்கூடும். எம்ஆர்ஐ அதை முன்கூட்டியே காட்டிவிடும். படுக்க வைத்துச் சோதித்தால் நோயுள்ள தொடை பக்கவாட்டில் விரிவதும் உள்நோக்கித் திரும்புவதும் குறைந்திருக்கும். நோய் தொடங்கிய வயது 6-க்குக் கீழ் என்றால் எலும்புத் தலை மீண்டும் உருண்டையாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 8-ஐத் தாண்டினால் அதற்கான காலம் போதாமல் போகிறது.

வயதுக்குக் கட்டுப்படாத நோய்களும் உண்டு. இரவில் எலும்பு வலியால் எழுப்பும் குழந்தை வெளிறிப்போயிருந்தால் ரத்தப் புற்றுநோயை நினைக்க வேண்டும். மாதக்கணக்கில் நொண்டலும், தொடை மெலிவும், மாலைக் காய்ச்சலும், தூக்கத்தில் திடீரென அலறுவதும் சேர்ந்தால் இந்தியாவில் இடுப்பு மூட்டுக் காசநோயை ஒதுக்கவே முடியாது. நடக்கத் தொடங்கியதிலிருந்தே வலியில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும் குழந்தைக்குப் பிறவியிலேயே விலகிய மூட்டைத் தேட வேண்டும்.

12 வயதுச் சிறுவனுக்கு வருவோம். எடை 68 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன் பள்ளியில் ஓடிய பிறகு முழங்கால் வலித்தது. முழங்கால் எக்ஸ்ரே சரியாக இருந்ததால் தைலமும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். அவன் உள்ளே நடந்து வரும்போதே வலது பாதம் கடிகாரத்தில் இரண்டு மணிக்கான முள்போல வெளியே திரும்பியிருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலைப் பிடித்து இடுப்பை மெல்ல மடக்கினால், தொடை நேராக நெஞ்சை நோக்கி வராமல் தானாகவே வெளிப்பக்கம் உருண்டு போகிறது. உள்நோக்கித் திருப்ப முயன்றால் தொடை இடுக்கில் வலித்து முகம் சுளிக்கிறான். இது வளர்ச்சித் தகட்டில் தொடை எலும்பின் கழுத்து மேலேயும் முன்னேயும் வழுகி, தலை பின்னே தங்கிவிடும் நழுவல் நோய். திடீரென உயரம் ஏறும் பருவத்தில் தகடு தடிமனாகி, சாய்வாகி, அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் மெலிகிறது. உடல் எடை அதன்மீது வெட்டு விசையாக இறங்குகிறது. சிறுமிகளுக்கு இது ஓரிரு ஆண்டு முன்னதாகவே வரும். இதே நோய் 10 வயதுக்குக் கீழேயோ ஒல்லியான உடலிலோ வந்தால் தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

நேராக எடுத்த எக்ஸ்ரேயில் கழுத்தின் மேல்விளிம்பை ஒட்டி அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தால், இயல்பான இடுப்பில் அது எலும்புத் தலையின் ஒரு பகுதியை வெட்டிச் செல்லும்; நழுவியதில் தலையைத் தொடாமல் போய்விடும். ஆனால் தொடக்க நழுவலில் தலை பின்னோக்கித்தான் போவதால், நேர்ப்படம் ஏமாற்றிவிடக்கூடும். பக்கவாட்டுப் படமும், அதுவும் இரண்டு இடுப்புக்கும், எடுத்தே ஆக வேண்டும்.

இந்தச் சிறுவன் இன்னும் நடக்கிறான் என்பதே இப்போது அவனிடமுள்ள மிகப் பெரிய நல்ல செய்தி. லோடர் என்ற எலும்பு மருத்துவரின் குழு 1993-இல் இந்த நோயை, ஊன்றுகோலோடாவது நடக்க முடிகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியால் இரண்டாகப் பிரித்தது. நடக்க முடியாதவர்களில் 47 சதவீதத்தினருக்கு எலும்புத் தலை ரத்தமின்றி மடிந்தது. நடக்க முடிந்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. ஆகவே அவனை 'அடுத்த வாரம் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்' என்று பைக்கின் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த நிமிடமே சக்கர நாற்காலி, அன்றே அனுமதி, தலையும் கழுத்தும் மேலும் விலகாதபடி ஒரு திருகாணியால் பொருத்தும் அறுவைச் சிகிச்சை. நழுவியதை இழுத்து நேராக்க முயல்வதில்லை. இருந்த இடத்திலேயே நிறுத்துகிறார்கள். அதன்பின் வளர்ச்சித் தகடு மூடும் வரை சில மாதங்களுக்கு ஒருமுறை இடது இடுப்பையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் இடது முழங்கால் வலிக்கிறது என்று அவன் சொன்னால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும் என்று பெற்றோரிடம் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.